மாறிலி எங்கே நிற்கிறது? செங்குத்துப் பாதைகளில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

பாளையங்கோட்டையிலிருந்து வண்டியில் எந்தப் பக்கம் கொஞ்ச தூரம் போனாலும் ஒரு பொத்தை கண்ணில் படும். நம்ம ஊர்ப் பக்கம் சிறு குன்றை அப்படித்தான் சொல்வோம். ஐப்பசி மழையில் அந்தப் பொத்தையின் பாறைமேல் தண்ணீர் வழிந்து இறங்குவதைப் பார்த்திருப்பீர்கள். ஒரே உயரத்தில் உள்ள இடங்களையெல்லாம் சேர்த்துக் கோடு போட்டால் அது சம உயரக் கோடு. தண்ணீர் மிகச் சரிவான திசையில்தான் இறங்கும். அதனால் அது ஒவ்வொரு சம உயரக் கோட்டையும் செங்குத்தாக வெட்டிக்கொண்டு போகும். ஒரு வளைவரைக் குடும்பம் கொடுத்து அதன் செங்குத்துப் பாதைகளைக் காணச் சொல்லும் கணக்கு இதேதான்.

வழிமுறை மூன்றே படிதான். குடும்பத்தின் வகைக்கெழுச் சமன்பாட்டை அமைக்க வேண்டும், அதில் dy/dx இருக்கும் இடத்தில் −dx/dy போட வேண்டும், புதிய சமன்பாட்டைத் தீர்க்க வேண்டும். பி.எஸ்சி. மாணவர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுத்து வருகிற என் அனுபவத்தில், தவறு பெரும்பாலும் தொகையிடலில் வருவதில்லை. மாறிலியைக் கையாளுவதில்தான் வருகிறது.

ஒரு பொத்தையை எடுத்துக்கொள்வோம். கிழக்கு மேற்காக நீண்டிருக்கிறது, உச்சி ஆதிப்புள்ளியில் இருக்கிறது, சம உயரக் கோடுகள் x² + 2y² = k என்ற நீள்வட்டங்கள் என்று வைப்போம். உண்மையான பாறை இவ்வளவு ஒழுங்காக இருக்காது, கணக்குக்கு இது போதும். வகையிட்டால் 2x + 4y dy/dx = 0, அதாவது dy/dx = −x/(2y). k தானாகவே போய்விட்டது. இப்போது dy/dx இருந்த இடத்தில் −dx/dy போட்டால் dy/dx = 2y/x கிடைக்கும். மாறிகளைப் பிரித்தால் dy/y = 2 dx/x. தொகையிட்டால் log y = 2 log x + மாறிலி.

முதல் தவறு இந்த இடத்தில் நடக்கும். விடைத்தாளில் அடுத்த வரி y = x² + c என்று இருக்கும். மடக்கையை நீக்கும்போது கூட்டலாக நின்ற மாறிலி பெருக்கலாக மாற வேண்டும். log y = log x² + log c என்று எழுதியிருந்தால் y = c x² என்று நேராக வந்திருக்கும். மாறிலியை முதலிலேயே log c என்று எழுதிக்கொள்ளும் பழக்கம் இதற்காகத்தான்.

y = c x² எல்லாமே உச்சியிலிருந்து புறப்படுகிற பரவளையங்கள். c மாறினால் பரவளையம் குறுகும் அல்லது விரியும். y = x² + c என்பதோ ஒரே பரவளையத்தை மேலும் கீழும் நகர்த்திக் கிடைக்கிற வேறு குடும்பம். அந்தப் பாதையில் தண்ணீர் ஓட வேண்டுமென்றால் உச்சியில் பெய்த மழை ஒரே ஒரு கோட்டில் மட்டும் இறங்கும். பொத்தையைப் பார்த்த யாரும் இதை ஒத்துக்கொள்ள மாட்டார்கள். புள்ளியை வைத்தும் பார்க்கலாம். (1, 4) என்ற இடத்தில் நீள்வட்டத்தின் சாய்வு −1/8. y = x² + 3 அந்தப் புள்ளி வழியாகப் போகிறது, அதன் சாய்வு 2. பெருக்கினால் −1/4. y = 4x² என்பதன் சாய்வு 8. பெருக்கினால் −1.

இதே இடத்தில் இன்னொன்றும் நழுவிப் போகிறது, பலர் கவனிப்பதில்லை. மாறிகளைப் பிரிக்க y ஆலும் x ஆலும் வகுத்தோம். y = 0 போனால் பரவாயில்லை, c = 0 போட்டால் திரும்பி வந்துவிடும். x = 0 எந்த c போட்டாலும் வராது. ஆனால் x dy = 2y dx என்று வகுக்காமல் எழுதிப் பாருங்கள், x = 0 அதை நிறைவு செய்கிறது. பொத்தையில் அது எது? உச்சியிலிருந்து நேராக வடக்கிலும் தெற்கிலும், சரிவு அதிகமான குறுகிய பக்கமாக இறங்குகிற கோடு. தண்ணீர் கட்டாயம் ஓடுகிற அந்தப் பாதையை, வகுத்த ஒரே காரணத்தால் விட்டுவிடுகிறோம். ஆகவே விடையில் "y = c x², அதோடு x = 0" என்று சேர்த்து எழுதுங்கள்.

இப்போது கணக்கைத் திருப்பிப் போடுவோம். y = c x² என்ற பரவளையங்களைக் கொடுத்து அவற்றின் செங்குத்துப் பாதைகளைக் கேட்கிறார்கள். விடை நமக்கு முன்பே தெரியும், நீள்வட்டங்கள்தான் வர வேண்டும். ஆனாலும் இதில்தான் ஆகப் பெரிய தவறு நடக்கிறது.

அம்பாசமுத்திரம் பக்கத்திலிருந்து வருகிற மாணவர் ஒருவர் இப்படிப் போட்டிருந்தார். வகையிட்டால் dy/dx = 2cx. செங்குத்துப் பாதைக்கு dy/dx = −1/(2cx). தொகையிட்டால் y = −(1/2c) log x + k. ஒவ்வொரு வரியிலும் தொகையிடல் சரி, குறியும் சரி. "இதில் c இன்னும் உட்கார்ந்திருக்கிறதே?" என்று கேட்டேன். "அதான் விடை வந்துட்டுல்லா சார், c இருந்தா என்ன?" என்றார்.

நல்ல கேள்வி. c இருந்தால் என்ன என்பதைப் புள்ளி வைத்தே பார்த்தோம். முதலில் c = 1 என்று எடுத்துக்கொண்டு அவருடைய வளைவரையை (1, 1) வழியாகப் போக வைத்தோம். அது y = −½ log x + 1. அங்கே அதன் சாய்வு −½. பரவளையம் y = x² இன் சாய்வு 2. பெருக்கினால் −1. "பாருங்க சார், சரியாத்தான் வருது" என்றார். அதே c = 1 ஐ வைத்துக்கொண்டு (1, 4) வழியாகப் போகிற வளைவரையைப் பார்க்கச் சொன்னேன். சாய்வு அங்கேயும் −½ தான். ஆனால் அந்தப் புள்ளி வழியாகப் போகிற பரவளையம் y = 4x², அதன் சாய்வு 8. பெருக்கினால் −4. அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் தாளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஏன் இப்படி ஆகிறது? c ஐ 1 என்று நிறுத்திவிட்டால் dy/dx = 2x என்பது y = c x² குடும்பத்தின் சமன்பாடே அல்ல. அது மேலே நாம் பார்த்த y = x² + d என்ற, மேலும் கீழும் நகர்த்திய குடும்பத்தின் சமன்பாடு. மாணவர் கண்டுபிடித்தது அந்த வேறு குடும்பத்துக்கான செங்குத்துப் பாதைகளை. முதல் தவறும் இந்தத் தவறும் ஒரே இடத்தில் வந்து சேர்வதைக் கவனியுங்கள். மாறிலி பெருக்கலில் நிற்கிறதா, கூட்டலில் நிற்கிறதா என்பதை இரண்டிலும் தொலைத்துவிடுகிறோம்.

சரியான வழி, c ஐ மூலச் சமன்பாட்டிலிருந்தே எடுப்பது. c = y/x². இதை dy/dx = 2cx இல் போட்டால் dy/dx = 2y/x. இப்போது இந்தச் சமன்பாடு எந்தப் பரவளையத்தையும் தனியாகக் குறிக்கவில்லை. (1, 4) என்றால் 8, (1, 1) என்றால் 2 என்று எந்தப் புள்ளியிலும் அங்கே போகிற பரவளையத்தின் சாய்வைச் சொல்கிறது. மாற்றினால் dy/dx = −x/(2y). அதாவது 2y dy + x dx = 0. தொகையிட்டால் y² + x²/2 = மாறிலி, அதாவது x² + 2y² = k. k நேர்மம்.

முதல் கணக்கில் k தானாகப் போனதால், எல்லாக் கணக்கிலும் மாறிலி தானாகப் போய்விடும் என்று மனம் பழகிவிடுகிறது. மாறிலி தனியாக ஒரு பக்கம் நின்றால்தான் வகையிடும்போது போகும். ஆகவே முடிந்தால் வகையிடுவதற்கு முன்பே y/x² = c என்று அதைத் தனியாக ஒதுக்கிவிடுங்கள். அப்புறம் நீக்க மறக்கவே முடியாது. தவறைக் கண்டுபிடிக்கவும் எளிய அடையாளம் உண்டு. விடையில் பழைய மாறிலியும் புதிய மாறிலியும் சேர்ந்து இருந்தால், உடனே திரும்பிப் போய் நீக்கிய வரியைத் தேடுங்கள். புதிய மாறிலிக்குப் பழைய எழுத்தையே போடுவதும் வேண்டாம். y = c x² க்கு விடை x² + 2y² = c என்று எழுதினால், c = 1 பரவளையத்துக்கு c = 1 நீள்வட்டம் மட்டும்தான் ஜோடி என்பதுபோல் ஆகிவிடும்.

குறியை மட்டும் மாற்றித் தலைகீழாக்க மறப்பது, தலைகீழாக்கிக் குறியை மறப்பது ஆகியவை கவனக்குறைவுதான். குறி விட்டுப்போனால் இந்தக் கணக்கில் x² − 2y² = k என்ற அதிபரவளையம் வரும். ஒரு புள்ளியில் சாய்வுகளைப் பெருக்கிப் பார்த்தால் உடனே மாட்டிக்கொள்ளும். ஆனால் அந்தப் புள்ளியை அச்சுகள்மேல் எடுக்க வேண்டாம். x அச்சில் பரவளையம் y = 0 படுக்கையாகவும் நீள்வட்டம் நிமிர்ந்தும் இருக்கும். செங்குத்துதான், ஆனால் சாய்வுகளின் பெருக்கல் −1 என்று எழுத முடியாது.

கடைசியாக, சரியான விடையைத் தவறு என்று நினைத்து அடித்துவிடுகிற ஒரு கணக்கு. y² = 4a(x + a) இன் செங்குத்துப் பாதைகளைக் காண்க என்று தேர்வில் கேட்பார்கள். dy/dx ஐ p என்று வைத்தால் 2yp = 4a, அதனால் a = yp/2. மூலத்தில் போட்டால் y² = 2xyp + y²p². y ஆல் வகுத்து அடுக்கினால் yp² + 2xp − y = 0. இப்போது p க்குப் பதில் −1/p போடுங்கள்: y/p² − 2x/p − y = 0. p² ஆல் பெருக்கிக் குறியை மாற்றினால் yp² + 2xp − y = 0. போன சமன்பாடே திரும்பி வந்துவிட்டது. இதைப் பார்த்ததும் மாற்ற மறந்துவிட்டோம் என்று பயந்து பக்கம் முழுவதும் கோடு போட்டு அடித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். இன்னும் சிலர் முதலிலேயே p க்கு இருபடிச் சமன்பாட்டைத் தீர்த்து, வர்க்கமூலத்தில் ஒரு குறியை மட்டும் எடுத்துக்கொண்டு சிக்கிக்கொள்கிறார்கள். தீர்க்காமல் அப்படியே மாற்றுங்கள்.

இந்தக் குடும்பம் தன்னைத்தானே செங்குத்தாக வெட்டும். விடை y² = 4b(x + b). நம்பிக்கை வரவில்லையென்றால் (0, 2) என்ற புள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். 4 = 4a² என்பதால் a = 1 அல்லது a = −1. அதாவது அந்த ஒரே புள்ளி வழியாகக் குடும்பத்தின் இரண்டு பரவளையங்கள் போகின்றன. y² = 4(x + 1) வலப்பக்கம் திறந்தது, y² = −4(x − 1) இடப்பக்கம் திறந்தது. இரண்டுக்கும் குவியம் ஆதிப்புள்ளி. p = 2a/y என்பதால் சாய்வுகள் 1, −1. வரைபடத்தாளில் இரண்டையும் வரைந்து, y அச்சில் அவை வெட்டிக்கொள்கிற இடத்தில் தொடுகோடுகளைப் போட்டுப் பாருங்கள். மேலே (0, 2) இலும் கீழே (0, −2) இலும் மூலைமட்டம் அப்படியே பொருந்தும்.