வரைபடத்தில் நடு நிறம் எங்கே நிற்கிறது?

அறிக்கைக்காக வண்ணமிட்ட வரைபடம் தயாரிக்கும்போது பலரும் சிவப்பு, வெள்ளை, நீலம் என்ற வரிசையைத்தான் முதலில் எடுக்கிறார்கள். பார்க்க எடுப்பாக இருக்கிறது, சரி. ஆனால் அது இருதிசை அளவுகோல். நடுவில் இருக்கும் வெள்ளையை வாசகர் ஓர் எல்லைக்கோடாகப் படிப்பார். உங்கள் தரவில் அப்படி ஓர் எல்லை இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

எழுத்தறிவு விகிதத்தை எடுத்துக்கொள்வோம். மாவட்டங்களின் மதிப்பு 62 முதல் 94 சதவீதம் வரை என்றால் வெள்ளை 78-இல் விழும். 78-க்கு எந்தப் பொருளும் இல்லை. ஆனாலும் 77 உள்ள மாவட்டம் இளஞ்சிவப்பாகி, ஏதோ பின்தங்கியதைப் போலத் தெரியும். இதற்கு வெளிறிய நீலத்திலிருந்து அடர்நீலம் வரை போகும் ஒருதிசை அளவுகோலே சரி. சராசரியோடு ஒப்பிடுவதுதான் நோக்கம் என்றால், சராசரியிலிருந்து உள்ள வித்தியாசத்தைக் கணக்கிட்டு அதை வரையுங்கள். குறிவிளக்கத்திலும் அப்படியே எழுதுங்கள்.

இருதிசை அளவுகோல் பொருந்தும் இடத்திலும் ஒரு பெரிய தவறு நடக்கிறது. மக்கள்தொகை மாற்றம் −4 முதல் +18 சதவீதம் வரை என்று வையுங்கள். இங்கே பூச்சியம் உண்மையான எல்லை: ஒரு பக்கம் குறைவு, மறுபக்கம் வளர்ச்சி. ஆனால் மென்பொருளுக்கு அது தெரியாது. நாம் சொல்லாவிட்டால் பெரும்பாலும் சிறும, பெரும மதிப்புகளின் நடுவை, அதாவது +7-ஐ, வெள்ளையாக்கிவிடும். 3 சதவீதம் வளர்ந்த மாவட்டம் சிவப்பாக வரும். வாசகர் அதைச் சரிவு என்றே படிப்பார். கண்டுபிடிக்க எளிய வழி, குறிவிளக்கத்தில் வெள்ளைக்கு நேரே இருக்கும் எண்ணைப் பார்ப்பது.

பைத்தானில் வரைபடம் வரைய உதவும் ஜியோபாண்டாஸில், பூச்சியத்திலிருந்து இரு முனைகளையும் சம தூரத்தில் வைத்தால் போதும்:

```python
gdf.plot(column="change", cmap="RdBu",
         vmin=-18, vmax=18, legend=True)
```

இப்போது −4 வெளிறிய சிவப்பாகத்தான் தெரியும். "குறைவு சரியாகத் தெரியவில்லையே" என்று சிலர், பூச்சியத்தின் இரு பக்கத்தையும் தனித்தனியாக நீட்டும் `TwoSlopeNorm` கொண்டு −4-ஐயும் முழு அடர்சிவப்பாக்குவார்கள். பூச்சியம் சரியான இடத்தில் இருக்கும், ஆனால் 4 சதவீதக் குறைவு 18 சதவீத வளர்ச்சிக்குச் சமமான அழுத்தத்தோடு கண்ணில் படும். காரணமில்லாமல் நான் இதைச் செய்யமாட்டேன். குறைவுதான் அறிக்கையின் செய்தி என்றால், அந்த மாவட்டங்களுக்குத் தடித்த எல்லைக்கோடு போடலாம்.

எல்லா மாவட்டமும் வளர்ந்திருந்தால், மதிப்புகள் 2 முதல் 18 வரை என்றால், மாற்றத் தரவாகவே இருந்தாலும் ஒருதிசை அளவுகோல் போதும்.

அப்புறம் அச்சு. அறிக்கையைக் கறுப்பு வெள்ளையில் எடுத்தால் அடர்சிவப்பும் அடர்நீலமும் ஏறக்குறைய ஒரே சாம்பலாகிவிடும். ஒருதிசை அளவுகோலுக்கு இந்தச் சிக்கல் இல்லை. அப்படி அச்சாகும் என்று தெரிந்தால், மாவட்டங்களின் மேல் + அல்லது − குறியோடு எண்ணையும் எழுதிவிடுங்கள்.