ஜாம்பி மேற்கோளைக் கண்டறிவது எப்படி: ஐந்து வாக்கியக் கடிதம் ஒன்றை வைத்து ஒரு செய்முறை

புதுச்சேரியில் செவிலியர் முதுநிலைப் படிப்பு படிக்கும் நெல்லிக்குப்பத்து மாணவி ஒருவர், சென்ற மாதம் தம் ஆய்வேட்டின் இரண்டாம் இயலை அச்செடுத்து என்னிடம் கொண்டுவந்தார். அறுவை சிகிச்சைக்குப் பிந்தைய வலி பற்றிய ஆய்வு அது. ஒன்பதாம் பக்கத்தில், "மார்ஃபின் வகை வலிநிவாரணிகளால் நோயாளி அடிமையாகும் வாய்ப்பு ஒரு சதவீதத்திற்கும் குறைவு என்பது நிறுவப்பட்ட உண்மை" என்று ஒரு வாக்கியம் இருந்தது; அதன் முடிவில் மூன்று மேற்கோள் எண்கள் இருந்தன. இதை எந்தக் கட்டுரையில் படித்தீர்கள் என்று கேட்டேன். "மூன்று மேற்கோள் இருக்கிறதே அக்கா, போதாதா?" என்றார். அந்த மூன்றையும் அன்று மாலையே இருவரும் சேர்ந்து தேடிப் பார்த்தோம். அப்போது செய்ததையே, முதன்முறையாக ஆய்வேடு எழுதுவோருக்காக இங்கே படிப்படியாக எழுதுகிறேன்.

வலுவில்லாத ஒரு கூற்று, மூலத்தை எவரும் திறந்து பார்க்காமலேயே, ஒரு கட்டுரையிலிருந்து அடுத்த கட்டுரைக்கு மேற்கோளாகக் கைமாறி, சில ஆண்டுகளில் ஐயத்திற்கு இடமில்லாத உண்மையாக நிலைபெற்றுவிடும்போது, அதை ஜாம்பி மேற்கோள் என்கிறார்கள். தவறென்று காட்டிய பிறகும் அது எழுந்து நடப்பதால் வந்த பெயர்.

முதல் படி: கூற்றை அப்படியே எழுதிக்கொள்ளுங்கள்

ஒரு நோட்டை எடுத்து, நீங்கள் ஐயப்படும் வாக்கியத்தைச் சொல் மாறாமல் எழுதுங்கள். அதற்குக் கீழே நான்கு கேள்விகள்: யாரைப் பற்றிய கூற்று, என்ன நேர்ந்தது, எவ்வளவு, எவ்வளவு காலத்தில்? மாணவியின் வாக்கியத்தில் "எவ்வளவு" என்பதற்கு மட்டுமே தெளிவான விடை இருந்தது. புற்றுநோயாளியா, எலும்பு முறிந்தவரா, மூன்று நாள் மருந்து பெற்றவரா, மூன்று ஆண்டு பெற்றவரா என்று எதுவும் இல்லை. எண் துல்லியமாகவும் ஆள் மங்கலாகவும் உள்ள வாக்கியம் கண்ணில் பட்டால், அதைத்தான் முதலில் ஆராய வேண்டும். ஆய்வேட்டில் உள்ள எல்லா வாக்கியங்களுக்கும் இதைச் செய்ய நேரம் இருக்காது. எந்த வாக்கியம் விழுந்தால் உங்கள் வாதமும் விழுமோ அதற்கு மட்டும் செய்தால் போதும்.

இரண்டாம் படி: மேற்கோள் சங்கிலியில் ஒவ்வொரு கண்ணியாகப் பின்னோக்கிச் செல்லுங்கள்

மேற்கோள் காட்டப்பட்ட கட்டுரையைத் திறந்து, அந்தக் கூற்று இருக்கும் வாக்கியத்தைக் கண்டுபிடியுங்கள். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு நிறுத்தக் கூடாது. அந்த வாக்கியத்தின் முடிவிலும் ஒரு மேற்கோள் எண் இருந்தால், அந்தக் கட்டுரை தானாக எதையும் அளக்கவில்லை, கேட்டதைத் திரும்பச் சொல்கிறது என்று பொருள். அடுத்த கட்டுரைக்குப் போங்கள். நோட்டில் ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு வரி ஒதுக்கி, ஆண்டு, எழுத்தின் வகை, கூற்றின் சொற்கள், தரவு சொந்தமா இரவலா ஆகிய நான்கையும் குறித்துக்கொண்டே வாருங்கள்.

மாணவியின் மூன்று மேற்கோள்களில் ஒன்று பாடநூல், மற்ற இரண்டும் தொகுப்பாய்வுக் கட்டுரைகள். பாடநூல் இன்னொரு தொகுப்பாய்வைக் காட்டியது. அதுவும் மற்ற இரண்டும் போய்ச் சேர்ந்த இடம் ஒன்றே. மழைக்காலத்தில் கடலூர்ப் பக்கம் ஏரி உடைந்துவிட்டது என்று தெருவில் ஐந்து பேர் சொல்வார்கள். விசாரித்தால் ஐவரும் ஒரே ஆளிடம் கேட்டிருப்பார்கள், அந்த ஆள் ஏரிப் பக்கமே போயிருக்க மாட்டார். அதுபோல, மூன்று மேற்கோள்கள் ஒரே மூலத்திற்குப் போனால் உங்களிடம் இருப்பது ஒரு சாட்சிதான்.

மூலத்தைத் திறக்காமலேயே மேற்கோள் காட்டியிருக்கிறார்கள் என்பதற்கு ஓர் அடையாளம் உண்டு. மேற்கோள் பட்டியலில் பக்க எண்ணோ ஆசிரியர் பெயரின் எழுத்தோ தவறாக இருந்து, அதே பிழை அடுத்தடுத்த கட்டுரைகளிலும் மாறாமல் வந்தால், பட்டியலைப் பார்த்துப் பட்டியலைப் பிரதி எடுத்திருக்கிறார்கள் என்று பெரும்பாலும் கொள்ளலாம்.

மூன்றாம் படி: மூலத்தை முழுமையாகப் படியுங்கள்

எங்கள் சங்கிலி முடிந்த இடம், 1980 ஜனவரி 10 அன்று நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின் இதழின் 302ஆம் தொகுதி, 123ஆம் பக்கத்தில் வெளியான ஓர் எழுத்து. அதைத் தேட, தலைப்பை இரட்டை மேற்கோள் குறிகளுக்குள் இவ்வாறு தட்டச்சு செய்ய வேண்டும்:

```
"Addiction Rare in Patients Treated with Narcotics"
```

திறந்து பார்த்ததும் மாணவி பக்கத்தை மேலும் கீழும் நகர்த்தி, மீதி எங்கே என்று தேடினார். மீதி இல்லை. அது ஆய்வுக் கட்டுரையே அல்ல. ஜேன் போர்ட்டர், ஹெர்ஷெல் ஜிக் ஆகிய இருவர் இதழாசிரியருக்கு எழுதிய ஐந்து வாக்கியக் கடிதம். பாஸ்டன் நகரில் இயங்கிய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் கோப்புகளைப் பார்த்ததாக அதில் சொல்கிறார்கள். மருத்துவமனையில் சேர்க்கப்பட்ட 39,946 நோயாளிகளில் 11,882 பேர் மார்ஃபின் வகை மருந்தில் குறைந்தது ஒன்றைப் பெற்றிருந்தார்கள். முன்பு அடிமையாக இருந்த வரலாறு இல்லாதவர்களில் நான்கு பேரிடம் மட்டுமே ஓரளவு நன்றாகப் பதிவான அடிமைநிலை காணப்பட்டது. அந்த நால்வரில் ஒருவருக்கு மட்டுமே அது கடுமையானதாகக் கருதப்பட்டது. நால்வருக்கும் கொடுத்த மருந்துகளின் பெயர்களும் முடிவுரையாக ஒரு வாக்கியமும் உண்டு. அவ்வளவுதான் கடிதம்.

இப்போது முதல் படியின் நான்கு கேள்விகளை இதனிடம் கேளுங்கள். யாரைப் பற்றியது? மருத்துவமனைப் படுக்கையில் இருந்தவர்களைப் பற்றியது. வீட்டில் மாதக்கணக்கில் மாத்திரை விழுங்குபவர்களைப் பற்றியது அல்ல. என்ன நேர்ந்தது? கோப்பில் எழுதப்பட்ட அடிமைநிலை. அதை எந்த அளவுகோலால் தீர்மானித்தார்கள் என்று கடிதம் சொல்லவில்லை. எவ்வளவு காலத்தில்? அதற்கும் விடை இல்லை. வீடு திரும்பிய பிறகு அவர்களைத் தொடர்ந்து பார்த்ததாக ஒரு சொல்லும் கிடையாது. குறைந்தது ஒன்றைப் பெற்றவர் என்ற கணக்கில், ஒரே ஒரு ஊசி போட்டுக்கொண்டவரும் அந்த 11,882 பேரில் அடங்குவார்.

"எவ்வளவு" என்ற கேள்வியில்தான் மாணவி திகைத்தார். ஒரு சதவீதம் என்ற சொல்லே கடிதத்தில் இல்லை. நான்கை 11,882ஆல் வகுத்தால் ஏறத்தாழ 0.03 சதவீதம் வருகிறது. ஒரு சதவீதத்திற்கும் குறைவு என்பது பின்னால் வந்தவர்கள் சேர்த்த சொல். கணக்குப்படி அது பொய்யல்ல என்றாலும், கேட்பதற்கு ஒரு முறையான ஆய்வு அளந்து சொன்ன அபாய அளவு போல ஒலிக்கிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்தக் கடிதம் எழுதியவர்கள் யாரையும் ஏமாற்றவில்லை. தங்கள் கோப்பில் கண்டதை, மருத்துவமனையில் என்ற எல்லையோடுதான் எழுதினார்கள். எல்லையை உதிர்த்தவர்கள் மேற்கோள் காட்டியவர்கள். தங்கள் கடிதம் எதற்குப் பயன்பட்டது என்பதைக் கண்டு தாம் மிகவும் வெட்கப்படுவதாக ஜிக் பிற்காலத்தில் செய்தியாளர்களிடம் கூறினார்.

நான்காம் படி: சொற்கள் எங்கே மாறின என்று பாருங்கள்

நோட்டில் எழுதிய வரிகளை இப்போது பழையதிலிருந்து புதியதை நோக்கிப் படியுங்கள். ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஏதோ ஒன்று உதிரும், ஏதோ ஒன்று ஒட்டிக்கொள்ளும். இந்தக் கடிதத்தில் முதலில் உதிர்ந்தது மருத்துவமனை என்ற சொல். முன்பு அடிமையாக இராதவர்கள் என்ற நிபந்தனையும் பல இடங்களில் காணாமற்போனது. ஒட்டிக்கொண்டது மதிப்பு. 1990இல் சயன்டிஃபிக் அமெரிக்கன் இதழில் வந்த கட்டுரை ஒன்று இதை விரிவான ஆய்வு என்றது. 2001இல் டைம் இதழ் திருப்புமுனையான ஆய்வு என்றது. ஐந்து வாக்கியம் எங்கே, திருப்புமுனை ஆய்வு எங்கே! "கடிதம்" என்ற சொல் "ஆய்வு" என மாறிய வரியை நோட்டில் கண்டுபிடித்துவிட்டால், சங்கிலி அறுந்த இடமும் பெரும்பாலும் அதுவாகவே இருக்கும்.

ஐந்தாம் படி: முன்னோக்கியும் பாருங்கள்

மூலத்தைக் கண்டபின், கூகுள் ஸ்காலரில் அதன் தலைப்புக்குக் கீழே உள்ள `Cited by` என்ற இணைப்பைச் சொடுக்கினால், அதை மேற்கோள் காட்டிய எழுத்துகளின் பட்டியல் வரும். அதில் மூலத்தைக் குறைகூறியோ ஆராய்ந்தோ எழுதியவை உண்டா என்று தேடுங்கள். தொடக்கநிலையில் உள்ளவர்கள் இந்த எண்ணிக்கை பெரிதாக இருப்பதையே சான்றாக எடுத்துக்கொள்வது வழக்கம். இந்தக் கடிதமோ நேர்மாறான பாடம். கனடா ஆய்வாளர்கள் சிலர் இதே வேலையைப் பெரிய அளவில் செய்து, 2017 ஜூனில் அதே இதழில் முடிவை வெளியிட்டார்கள். 608 மேற்கோள்களை அவர்கள் ஒவ்வொன்றாகப் படித்தார்கள். அவற்றில் 439, அடிமையாதல் அரிது என்பதற்குச் சான்றாகக் கடிதத்தைக் காட்டியிருந்தன. 491, அந்த நோயாளிகள் மருத்துவமனையில் இருந்தவர்கள் என்பதையே குறிப்பிடவில்லை. ஆக்சிகான்டின் என்ற, மார்ஃபின் வகையைச் சேர்ந்த நீண்டநேர வலிநிவாரணி மாத்திரை 1990களின் நடுவில் சந்தைக்கு வந்த பிறகு மேற்கோள்கள் மளமளவென்று கூடியதையும் அவர்கள் காட்டினார்கள். கடிதம் வெகுவாகவும் ஆராயாமலும் மேற்கோள் காட்டப்பட்டு வந்தது என்ற எச்சரிக்கைக் குறிப்பை இதழ் இப்போது அந்தப் பக்கத்திலேயே சேர்த்திருக்கிறது. தலைப்பைத் தட்டி ஒருமுறை திறந்திருந்தால் மாணவி அதைப் பார்த்திருப்பார்.

ஆறாம் படி: உங்கள் வாக்கியத்தைத் திருத்துங்கள்

இந்தத் தேடல் எதை நிறுவுகிறது, எதை நிறுவவில்லை என்பதில் கவனம் வேண்டும். கூற்றுக்கு ஆதாரம் இல்லை என்று தெரிந்தால், அதற்கு நேர்மாறானது உண்மை என்று ஆகிவிடாது. மார்ஃபின் கொடுத்தவுடன் எல்லோரும் அடிமையாகிவிடுவார்கள் என்று இதிலிருந்து எழுதினால், அது இன்னொரு ஜாம்பியின் பிறப்பு. வலியில் துடிப்பவருக்கு மருந்து மறுக்கவும் அது காரணமாகலாம். உண்மையான அபாயம் எவ்வளவு என்று எழுத வேண்டுமானால், நோயாளிகளை நீண்ட காலம் தொடர்ந்து பார்த்த ஆய்வுகளைத் தனியே தேடி, அவற்றையும் இதே நோட்டு முறையில் சோதித்த பிறகே எழுத வேண்டும்.

வேறு ஆய்வு கைக்கு வராத நிலையில் மூன்று வழிகள் உண்டு: வாக்கியத்தை நீக்குவது, எல்லையோடு எழுதுவது, அல்லது சங்கிலியின் கதையையே எழுதுவது. மாணவி இரண்டாவதைத் தேர்ந்தெடுத்தார். ஒன்பதாம் பக்கத்தில் இப்போது இவ்வாறு இருக்கிறது: "பாஸ்டன் மருந்துக் கண்காணிப்புத் திட்டத்தின் 1980ஆம் ஆண்டுக் கடிதம், மருத்துவமனையில் மார்ஃபின் வகை மருந்து பெற்ற 11,882 பேரில், அடிமை வரலாறு இல்லாத நால்வரிடம் அடிமைநிலை பதிவானதாகக் கூறுகிறது, மருந்தின் அளவு, கால அளவு, வீடு திரும்பிய பின் நேர்ந்தவை ஆகியவை அதில் இல்லை." மூன்று மேற்கோள் எண்கள் இருந்த இடத்தில் ஒன்றுதான் மிஞ்சியது. பட்டியல் சுருங்கியதை நெறியாளர் கேட்டால் காட்டுவதற்காக, நோட்டின் அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து ஆய்வேட்டுக் கோப்பிலேயே வைத்திருக்கிறார்.