கேஸ் ஸ்டடி பயிற்சியில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சிபிஎஸ்இ பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு பிசினஸ் ஸ்டடீஸ் ட்யூஷன் எடுக்கிறேன். போன வாரம் ஒரு மாணவியின் விடைத்தாளைத் திருத்தும்போது, நான் அந்த வயதில் எழுதிய விடையே திரும்பி வந்த மாதிரி இருந்தது. கையெழுத்து, பிழை போன்றவற்றை விட்டுவிடுகிறேன். அவற்றை எல்லாரும் சொல்வார்கள்.

ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு ஓடுவது

நான் கொடுத்த கேஸ் இது. ஒரு காலணி நிறுவனம் ஆண்கள் காலணி, பெண்கள் காலணி இரண்டையும் தயாரிக்கிறது. இரண்டுக்கும் ஒரே பொறுப்பாளர், ஒரே திட்டம், ஒரே பட்ஜெட். பெண்கள் காலணி தேங்குகிறது. தரம் பார்க்கும் ஊழியரிடம் உற்பத்தி மேலாளர் 'நிதானமாகப் பார்' என்கிறார். விற்பனை மேலாளர் 'இன்றைக்கே அனுப்பு' என்கிறார். மேலாண்மை அறிஞர் ஃபயோலின் கொள்கைகளில் மீறப்பட்டவற்றை கேஸின் வரிகளோடு விளக்க வேண்டும், 6 மதிப்பெண்.

இரண்டு மேலாளர்களைப் பார்த்ததுமே அவள், ஓர் ஊழியருக்கு ஒரே மேலதிகாரிதான் கட்டளையிட வேண்டும் என்கிற யூனிட்டி ஆஃப் கமாண்ட் என்று எழுதி, அதற்கே ஒன்றரைப் பக்கம் ஒதுக்கிவிட்டாள். ஒரே பொறுப்பாளர் இருக்கும் வரி அவள் கண்ணில் படவேயில்லை. அங்கே மீறப்பட்டது யூனிட்டி ஆஃப் டைரக்‌ஷன்: ஒவ்வொரு பிரிவுக்கும் தனித் தலைவர், தனித் திட்டம் வேண்டும். பாடநூலில் மோட்டார் சைக்கிள், கார் என்று வரும் உதாரணமும் இதுதான். "சார், 14 கொள்கையும் எனக்குத் தெரியுமே" என்றாள். தெரியும்தான். நானும் அரையாண்டுத் தேர்வில் இப்படித்தான் தெரிந்துகொண்டே பாதி மதிப்பெண்ணை விட்டேன். நினைத்தால் இன்றும் எரிச்சலாக இருக்கிறது.

கமாண்ட் ஓர் ஊழியரைப் பற்றியது, டைரக்‌ஷன் ஒரு பிரிவைப் பற்றியது. இந்த வரியில் யாருக்குச் சிக்கல், ஆளுக்கா பிரிவுக்கா என்று கேட்டால் குழப்பம் தீர்ந்துவிடும்.

கடிகாரம் இல்லாமல் பயிற்சி செய்வது

80 மதிப்பெண்ணுக்கு 180 நிமிடம். அப்படியானால் 6 மதிப்பெண் கேள்விக்குச் சுமார் 13 நிமிடம் கிடைக்கும். நான் இப்படிப் பிரிக்கச் சொல்கிறேன்: 3 நிமிடம் வாசிப்பு, 2 நிமிடம் குறிப்பு, 7 நிமிடம் எழுத்து, கடைசி நிமிடம் சரிபார்ப்பு. முதலில் கேள்வியைப் படித்துவிட்டு அப்புறம் கேஸுக்குப் போங்கள். சிக்கல் தெரியும் ஒவ்வொரு வரிக்கும் அடிக்கோடு போடுங்கள். குறிப்பில் மூன்றே விஷயம் போதும்: அந்த வரி, அதற்கான கொள்கை, ஏன் என்று நாலு சொல். அடிக்கோடிட்ட ஒரு வரிக்கு எதிரே கொள்கை இல்லையென்றால் எழுதத் தொடங்காதீர்கள், ஏதோ விட்டுப்போயிருக்கிறது.

குறிப்பை மனதிலேயே போடுவது

காகிதத்தில் போடுங்கள்.

பாடநூல் வரியை அப்படியே இறக்குவது

கடைசி நிமிடத்தில் விடையில் 'காலணி' வரும் இடங்களை விரலால் மறைத்துப் பாருங்கள். மிச்சம் ஒரு பிஸ்கட் கம்பெனிக்கும் பொருந்தினால், நீங்கள் கேஸுக்கு விடை எழுதவில்லை.