ஜாமீன் கையெழுத்து: "அவர் கட்டாவிட்டால்" என்று விளக்காதீர்கள்

போன மாதம் ஒரு வங்கிக் கிளையில் என் வேலைக்காகக் காத்திருந்தேன். பக்கத்து மேசையில் புதிதாகச் சேர்ந்த அதிகாரி ஒருவர், தம்பியின் கடனுக்கு ஜாமீன் போட வந்த அம்மாவிடம் படிவத்தை விளக்கிக்கொண்டிருந்தார். படிவம் ஆங்கிலத்தில் இருந்தது. "ஒண்ணுமில்லீங்கம்மா, தம்பி கட்டலைன்னா நீங்க கட்டணும், அவ்வளவுதான்" என்றார். அந்த அம்மாவும் சிரித்துக்கொண்டே, "அவன் கட்டிருவானுங்க" என்று பேனாவைக் கையில் எடுத்தார்.

அதே வாக்கியத்தை வங்கி அதிகாரியாக நானும் இருபது வருடத்துக்கு மேல் சொல்லியிருக்கிறேன். அதில் பொய் எதுவும் கிடையாது. அதனால்தான் அது ஆபத்தானது. வெற்றுப் படிவத்தில் கையெழுத்து வாங்காதே, தொகையை நிரப்பாமல் விடாதே என்பதையெல்லாம் இங்கே சொல்லப்போவதில்லை. அதெல்லாம் தெரியாதவர் அந்த மேசையில் உட்காரவே கூடாது.

"ஜாமீன்" என்ற சொல்லோடு நிறுத்திவிடுவது

நம் ஊரில் ஜாமீன் என்றதும் நினைவுக்கு வருவது கோர்ட்டும் போலீஸ் ஸ்டேஷனும்தான். அங்கே ஜாமீன்தாரரின் வேலை ஆளைக் கொண்டுவந்து நிறுத்துவது. சொன்ன தேதியில் ஆள் வந்து நின்றுவிட்டால் ஜாமீன்தாரருக்கு நிம்மதி. இந்த நினைப்போடுதான் பலர் வங்கிக்கும் வருகிறார்கள். தவணை நின்றுபோனதும் கடன் வாங்கியவரைக் கையோடு பிடித்து வந்து, "இந்தாங்க, ஆளைக் கொண்டாந்துட்டேன், இனி நீங்களாச்சு அவராச்சு" என்று சொல்லிவிட்டுப் போனவர்களை நான் பார்த்திருக்கிறேன். தன் பொறுப்பு அதோடு முடிந்தது என்று உண்மையாகவே நம்பியவர்கள் அவர்கள்.

இன்னொரு குழப்பம் சாட்சிக் கையெழுத்து. பத்திரப் பதிவுக்குப் போய்ச் சாட்சி போட்டுப் பழகியவர்கள், இதையும் அப்படித்தான் எடுத்துக்கொள்கிறார்கள். சாட்சி பார்த்ததைச் சொன்னால் போதும். ஜாமீன்தாரர் பணத்துக்குப் பொறுப்பு. முதல் வாக்கியத்திலேயே இதைச் சொல்லிவிடுங்கள்: "இது ஆளுக்கான ஜாமீன் இல்லை, பணத்துக்கான ஜாமீன்."

"கட்டாவிட்டால்" என்று வரிசையை உண்டாக்குவது

என்னை இன்னும் உறுத்துகிற தவறு இதுதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

ஈரோடு பக்கம் ஒரு கிளையில் நான் இருந்தபோது, மில்லில் வேலை பார்த்த ஒருவர் தனிநபர் கடனாக 6 லட்சம் கேட்டார். வட்டி 12 சதவீதம், 60 தவணை, மாதம் சுமார் 13,350 ரூபாய். ஜாமீனுக்கு அவருடைய அக்கா வீட்டுக்காரர் வந்தார். பள்ளிக்கூடத்தில் அலுவலக உதவியாளர். ஆங்கிலம் தெரியாது. நான்தான் விளக்கினேன். "உங்க மச்சினன் கட்டலைன்னா நீங்க கட்டணும்." அவர் தலையாட்டினார். தமிழில் படித்துக் காட்டப்பட்டது, புரிந்துகொண்டேன் என்ற உறுதிமொழியில் அவர் கையெழுத்துப் போட்டார். விளக்கியவர் என்ற இடத்தில் நான் போட்டேன்.

20 தவணை ஒழுங்காக வந்தது. பிறகு மில் வேலை போனது, தவணையும் நின்றது. நான்கு மாதம் பார்த்துவிட்டு, கடன் முழுவதையும் திருப்பிக் கட்டச் சொல்லி இருவருக்கும் நோட்டீஸ் போனது. அப்போது வட்டியோடு சேர்த்து நிலுவை சுமார் 4,56,000 ரூபாய். ஜாமீன்தாரர் மகள் கல்யாணத்துக்காகப் போட்டு வைத்திருந்த வைப்புத்தொகை 2,75,000 ரூபாய் எங்கள் கிளையிலேயே இருந்தது. அவர் கையெழுத்துப் போட்ட படிவத்திலேயே, வங்கியில் தன் பெயரில் உள்ள வைப்புகளிலிருந்து எடுத்துக்கொள்ளலாம் என்ற வரியும் இருந்தது. வங்கி எடுத்துக்கொண்டது. மீதி 1,81,000 ரூபாய்க்கு இருவர் மேலும் வழக்கு.

அவர் கிளைக்கு வந்தார். கத்தவில்லை. ரசீதை மேசைமேல் வைத்துவிட்டு, "அவனுக்குத்தான் ஊடு இருக்குதுங்களே சார், அதை வித்துப் போட்டு, பத்தலைன்னாத்தானே எங்கிட்ட வரோணும்?" என்றார்.

அந்த "பத்தலைன்னாத்தானே" எங்கிருந்து வந்தது? என் வாயிலிருந்துதான். "கட்டலைன்னா நீங்க" என்று தமிழில் சொன்னால் கேட்பவர் மனதில் ஒரு வரிசை உருவாகிவிடுகிறது. முதலில் அவனைக் கேட்பார்கள், அவன் சொத்தைப் பார்ப்பார்கள், எல்லாம் முடிந்து ஒன்றும் தேறவில்லை என்றால் கடைசியாக நம்மிடம் வருவார்கள். நம் ஊர்ப் பஞ்சாயத்து நியாயமும் அப்படித்தான் இருக்கும். சட்டம் அப்படி இல்லை.

1872ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 128ஆம் பிரிவு, ஒப்பந்தத்தில் வேறு மாதிரி சொல்லியிருந்தால் ஒழிய, ஜாமீன்தாரரின் பொறுப்பு கடன்தாரரின் பொறுப்போடு சம அளவானது என்கிறது. சமம் என்பது தொகையில் மட்டும்தானா, வரிசையில் முன் பின் உண்டா என்ற கேள்வி உச்ச நீதிமன்றம் வரை போயிருக்கிறது. பாங்க் ஆஃப் பிஹார் வழக்கில், முதலில் கடன்தாரரிடம் வசூலித்துப் பார்த்துவிட்டுத்தான் ஜாமீன்தாரரிடம் வர வேண்டும் என்று கீழ் நீதிமன்றம் விதித்த நிபந்தனையை உச்ச நீதிமன்றம் 1968இல் நீக்கிவிட்டது. வங்கி யாரிடம் முதலில் போவது என்பது வங்கியின் விருப்பம். எங்கே சுலபமோ அங்கே போகும். மச்சினன் வீட்டில் பாகப்பிரிவினைத் தகராறு. அக்கா வீட்டுக்காரர் பணம் எங்கள் கணினியிலேயே இருந்தது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

வழக்கில் அவர் எழுப்பிய ஆட்சேபம், தனக்குச் சரியாக விளக்கவில்லை என்பது. விளக்கியவன் என்று கையெழுத்துப் போட்டிருந்ததால் சாட்சிக் கூண்டில் நான் ஏறினேன். "தமிழில் என்ன வார்த்தை சொன்னீர்கள்?" என்று எதிர்த்தரப்பு வக்கீல் கேட்டார். சொன்னேன். நான் சொன்னதில் பொய் ஏதும் இல்லை என்று நீதிமன்றம் ஏற்றுக்கொண்டது. இருவரும் சேர்ந்தும் தனித்தனியாகவும் கட்ட வேண்டும் என்று தீர்ப்பு. வங்கி ஜெயித்தது. கூண்டிலிருந்து இறங்கும்போது அவர் என்னைப் பார்க்கவில்லை.

அதற்குப் பிறகு நான் "கட்டாவிட்டால்" என்ற சொல்லை விட்டுவிட்டேன். இப்போது பயிற்சிக்கு வருகிறவர்களிடம் இப்படிச் சொல்லச் சொல்கிறேன்: "ஐயா, இந்தக் கடன் ரெண்டு பேர் கடன். பணம் அவர் கைக்குப் போகுது, பொறுப்பு ரெண்டு பேருக்கும் வருது. தவணை தவறி, வங்கி பணத்தைத் திருப்பிக் கேட்டா, அவர்கிட்டக் கேட்காமலே நேரா உங்ககிட்டக் கேட்கலாம். அவருக்கு வீடு, நிலம் இருந்தாலும் அதை முதல்ல விற்கணும்னு கட்டாயம் இல்லை. பாதியில்ல, முழுத்தொகை. வட்டியும் வழக்குச் செலவும் சேர்த்து."

சொல்லிவிட்டுப் பேசாமல் இருங்கள். பிறகு, "இப்ப நான் சொன்னதை நீங்க எனக்குச் சொல்லுங்க" என்று கேளுங்கள். அவர் தன் வார்த்தையில் சொல்லும்போது "அவன் கட்டலைன்னா..." என்று ஆரம்பித்தால் புரியவில்லை என்று பொருள். மறுபடி முதலிலிருந்து. தலையாட்டலை நம்பாதீர்கள். பெரிய மேசைக்கு எதிரே உட்கார்ந்தால் எல்லோரும் தலையாட்டுவார்கள்.

"தொடர் உத்தரவாதம்" என்று மொழிபெயர்த்துவிட்டு நகர்வது

இந்தச் சொல்லைக் கேட்டு யாருக்கும் எதுவும் புரியாது. வியாபாரிகள் ஒரு வரம்புக்குள் கடன் எடுப்பதும் கட்டுவதுமாக வைத்திருக்கும் சி.சி. கணக்குக்குப் போடும் ஜாமீனில் இது கட்டாயம் வரும். ஒரு மஞ்சள் வியாபாரிக்கு 30 லட்சம் சி.சி. வரம்பு என்று வைத்துக்கொள்வோம். சரக்கு விற்றதும் பணம் கட்டுகிறார், கணக்கு பூஜ்யத்துக்கு வருகிறது. நண்பருக்காக ஜாமீன் போட்டவர், கடன் முடிந்தது, நம் கையெழுத்தும் முடிந்தது என்று நினைத்துக்கொள்கிறார். மூன்று மாதம் கழித்து வியாபாரி மறுபடி 28 லட்சம் எடுக்கிறார். அதற்கும் இவரே ஜாமீன்.

கணக்கு பூஜ்யமானால் ஜாமீன் தானாக விலகாது. விலக வேண்டும் என்றால் எழுதிக் கொடுக்க வேண்டும். 130ஆம் பிரிவின்படி, இனிமேல் எடுக்கப்போகும் பணத்துக்குத்தான் அந்த விலகல் செல்லும். ஏற்கெனவே எடுத்ததற்குப் பொறுப்பு அப்படியே நிற்கும். ஆகவே, விலகுகிற எண்ணம் இருந்தால் கணக்கு இறங்கியிருக்கிற நாளில் கடிதம் கொடுத்து, ஒப்புதல் முத்திரை வாங்கி வைக்கச் சொல்லுங்கள். படிவத்தில் முன்னறிவிப்புக் காலம் ஏதாவது போட்டிருக்கிறதா என்பதையும் அந்த இடத்தைத் தொட்டுக் காட்டிப் படியுங்கள்.

விட்டுக்கொடுக்கும் வரியை வாய்க்குள் முணுமுணுப்பது

ஜாமீன்தாரரைக் கேட்காமல் கடன் நிபந்தனைகளை மாற்றினால், மாற்றத்துக்குப் பிந்தைய பரிவர்த்தனைகளிலிருந்து அவருக்கு விடுதலை என்கிறது 133ஆம் பிரிவு. கேட்காமல் கடன்தாரருக்கு அவகாசம் கொடுப்பதாக ஒப்பந்தம் செய்தாலும் அவருக்கு விடுதலை என்கிறது 135. நல்ல பாதுகாப்புகள். ஆனால் வங்கிப் படிவங்களில் பெரும்பாலும், இந்தப் பிரிவுகளின் உரிமைகளை நான் விட்டுக்கொடுக்கிறேன் என்று வெறும் எண்களாக ஒரு வரி இருக்கும். படிக்கிறவரும் எண்களை வேகமாக ஓட்டிவிடுவார். "உங்களைக் கேட்காமலே அவங்களுக்குள்ள தவணையை மாத்திக்கலாம், அப்பவும் நீங்க பொறுப்பு" என்று தமிழில் சொல்ல எத்தனை விநாடி ஆகும்?

"கட்டினாலும் அவரிடம் வசூலித்துக்கொள்ளலாம்" என்று ஆறுதல் சொல்வது

உரிமை உண்டு. 140, 145 ஆகிய பிரிவுகள் தருகின்றன. ஆனால் அது கையெழுத்துப் போட வைக்கச் சொல்லும் காரணம் ஆகாது. வங்கியால் வசூலிக்க முடியாதவரிடம் மைத்துனர் எப்படி வசூலிப்பார்?

சிபிலை மறப்பது

ஜாமீன் போட்ட கடனும் அவருடைய சிபில் அறிக்கையில் வரும். நாளை மகன் படிப்புக்குக் கடன் கேட்கும்போதுதான் தெரியவரும்.

கடன் வாங்குபவரைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு விளக்குவது

வெளியே அனுப்புங்கள். மச்சினன் முகத்துக்கு எதிரே யாரும் சந்தேகம் கேட்க மாட்டார்கள்.

"இன்றைக்கே போட்டுவிடுங்கள்"

அன்று அந்த அம்மாவிடம் நான் மூக்கை நுழைத்தேன். அதிகாரிக்குப் பிடிக்கவில்லை, நியாயம்தான். மேலே சொன்னபடி நாலே வாக்கியம் சொன்னேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "அப்போ எம் பேர்ல இருக்கிற காட்டு மேலயும் வருவாங்களா?" என்று கேட்டார். அடமானம் எழுதிக் கொடுக்காவிட்டாலும், வழக்குப் போட்டுத் தீர்ப்பு வாங்கினால் ஜப்தி கேட்கலாம் என்றேன். படிவத்தின் நகலை வாங்கிக்கொண்டு, வீட்டுக்காரரிடம் கேட்டுவிட்டு வருவதாகச் சொல்லிப் போனார். போட்டாரா இல்லையா என்று நான் விசாரிக்கவில்லை.