மேனுவல்ல இருக்குற "பழுது நீக்கல்" பத்தியை டேபிளா மாத்துறது எப்படி: ஒரு வாஷிங் மெஷின் பக்கத்தை வச்சு பார்க்கலாம்

மெஷின்ல தண்ணி அப்படியே நிக்குதுன்னு மேனுவலைத் திறக்குறவங்க யாரும் அதை வரிவரியா படிக்க மாட்டாங்க, தன் மெஷின்ல நடக்குறது எங்க எழுதியிருக்குன்னு தான் கண்ணு ஓடும். பத்தியா எழுதியிருந்தா அது சிக்கவே சிக்காது. அதனால மூணு காலம் போட்ட டேபிள்: பிரச்சனை, காரணம், தீர்வு. கோடு போடுறது ஒண்ணும் பெரிய வேலை இல்ல, எந்த வாக்கியம் எந்த கட்டத்துக்குப் போகணும்னு பிரிக்குறது தான் வேலை.

ஃப்ரண்ட் லோட் மெஷின் மேனுவல்ல வர்ற மாதிரி ஒரு பத்தியை உதாரணத்துக்கு நானே எழுதியிருக்கேன்:

> நீர் வெளியேறாவிட்டால் வடிகட்டி அடைபட்டிருக்கலாம் அல்லது வடிகுழாய் மடங்கியிருக்கலாம். வடிகட்டியைச் சுத்தம் செய்யவும். குழாயின் நுனி தரையிலிருந்து 100 செ.மீ.க்கு மேல் இருந்தாலும் நீர் வெளியேறாது. நீர் வெளியேறாத நிலையில் சுழற்சி நடைபெறாது. துணிகள் ஒரு பக்கமாகச் சேர்ந்திருந்தாலும் சுழற்சி நடைபெறாது. வடிகட்டியைத் திறக்கும் முன் மின் இணைப்பைத் துண்டிக்கவும். நீர் சூடாக இருந்தால் ஆறும் வரை காத்திருக்கவும்.

ஸ்டெப் 1: உடைச்சுப் போடுங்க

வேர்டுல ஆரம்பிக்காதீங்க, எக்செல்லோ கூகுள் ஷீட்டோ எடுங்க, ஏன்னா இதுல வரிசையை மேல கீழ தூக்கிப் போட்டுக்கிட்டே இருக்கணும், வேர்டு டேபிள்ல அதைச் செய்றது பெரிய தலைவலி. ஒரு வரிசைக்கு ஒரு வாக்கியம் பேஸ்ட் பண்ணுங்க, "அல்லது" வர்ற இடத்துல கண்டிப்பா ரெண்டா வெட்டுங்க. பக்கத்துல பிரச்சனை, காரணம், தீர்வு, எச்சரிக்கைன்னு லேபிள் போட்டுக்கிட்டே வாங்க.

ஸ்டெப் 2: பிரச்சனையா, காரணமா?

எல்லாரும் மாட்டுற இடம் இது தான், கொஞ்சம் நிதானமா பாருங்க. "நீர் வெளியேறாத நிலையில் சுழற்சி நடைபெறாது"ங்குற வாக்கியத்துக்கு என்ன லேபிள்? முதல் வாக்கியத்துல தண்ணி போகாதது பிரச்சனை, இங்க வந்தா அதுவே ஸ்பின் ஆகாததுக்கு காரணம். ரெண்டுமே சரி தான், மெஷின் அப்படித்தான் வேலை செய்யுது, உள்ள தண்ணி இருந்தா ஸ்பின்னுக்குப் போகாது.

நான் வச்சிருக்குற விதி இது: மெஷின் முன்னாடி நிக்குறவங்க எதையும் கழட்டாம கண்ணால பார்க்குறது, காதால கேட்குறது மட்டும் தான் முதல் காலத்துக்குப் போகும். "வடிகட்டி அடைப்பு" அங்க வரவே கூடாது, ஏன்னா திறக்காம அது யாருக்கும் தெரியாது. "சுழற்சி நடைபெறாது"ன்னும் எழுத மாட்டேன், அவங்க பார்க்குறது "துணி சொட்டச் சொட்ட வருது"ங்குறது தான், அதையே எழுதுங்க.

அப்புறம் அந்த ரெண்டு வேஷம் போடுற வாக்கியத்தைப் பிரிக்குறதுக்கு கண்ணாடிக் கதவு உதவும். துணி சொட்டச் சொட்ட இருக்கு, உள்ள தண்ணியும் தெரியுதுன்னா அது ஒரு பிரச்சனை, தண்ணி போயிடுச்சு ஆனா துணி மட்டும் நனைஞ்சு ஒரு பக்கமா உருண்டு கிடக்குன்னா அது வேற பிரச்சனை. பத்தியில ஒண்ணா கலந்து கிடந்தது, பார்த்தாலே தெரியுற ஒரு வித்தியாசத்தால ரெண்டா பிரிஞ்சிடும்.

ஸ்டெப் 3: ஒரு காரணத்துக்கு ஒரு வரிசை

மூணு காரணத்தை ஒரே கட்டத்துல அடைச்சு பக்கத்து கட்டத்துல மூணு தீர்வை அடைச்சா எது எதுக்குன்னு மறுபடி தேட வேண்டியதாயிடும். தனித்தனியா பிரிங்க. பிரிச்சதும் இன்னொண்ணு வெளிய வரும், மேல இருக்குற பத்தியைத் திரும்பப் பாருங்க, குழாய் மடங்கியிருக்கலாம்னு சொல்லியிருக்கு, மடங்கியிருந்தா என்ன பண்ணணும்னு எங்கயும் இல்ல. குழாய் நுனி உயரமா இருக்குறதுக்கும், துணி ஒரு பக்கமா சேர்ந்ததுக்கும் தீர்வு இல்ல. பத்தியில இது தெரியவே தெரியாது, டேபிள்ல காலி கட்டமா நிக்கும். அந்தக் கட்டத்தை நீங்களா நிரப்பாதீங்க, மஞ்சள் கலர் போட்டு, அந்த மெஷினை சர்வீஸ் பண்றவங்க கிட்ட கேட்டு எழுதுங்க.

ஸ்டெப் 4: வரிசை மாத்துங்க

எதையும் திறக்காம பார்க்கக்கூடியது மேல, திறந்து பார்க்க வேண்டியது கீழ. பத்தியில வடிகட்டி தான் முதல்ல வந்துச்சு, அடிக்கடி அடைக்குறதும் அது தான், ஆனாலும் அதை கீழ தான் போடுவேன், ஏன்னா அதைத் திறந்தா உள்ள நிக்குற தண்ணி மொத்தமும் தரையில கொட்டும். குழாயை எட்டிப் பார்க்க அரை நிமிஷம் போதும்.

ஸ்டெப் 5: எச்சரிக்கை

பத்தியில எச்சரிக்கை கடைசி ரெண்டு வாக்கியத்துல இருக்கு, வடிகட்டியைச் சுத்தம் பண்ணச் சொல்றது ரெண்டாவது வாக்கியம். டேபிளுக்குக் கீழ நட்சத்திரக் குறி போட்டு எழுதுறதும் அதே தப்பு தான். தீர்வு கட்டத்துல முதல் வாக்கியமா போடுங்க, அப்ப தான் கை வைக்குறதுக்கு முன்னாடி கண்ணுல படும்.

எல்லாம் முடிச்சா இப்படி வரும் (மஞ்சள் கட்டங்களையும் கேட்டு நிரப்பின மாதிரி வச்சிருக்கேன்):

| பிரச்சனை | காரணம் | தீர்வு |
|---|---|---|
| துணி சொட்டச் சொட்ட இருக்கு, உள்ளே தண்ணி நிற்குது | வடிகுழாய் மடங்கியிருக்கு | மடிப்பை நேராக்கவும் |
| துணி சொட்டச் சொட்ட இருக்கு, உள்ளே தண்ணி நிற்குது | குழாய் நுனி 100 செ.மீ.க்கு மேல் இருக்கு | நுனியைக் கீழே இறக்கவும் |
| துணி சொட்டச் சொட்ட இருக்கு, உள்ளே தண்ணி நிற்குது | வடிகட்டி அடைப்பு | மின் இணைப்பைத் துண்டிக்கவும். தண்ணி சூடாக இருந்தால் ஆற விடவும். பிறகு வடிகட்டியைத் திறந்து சுத்தம் செய்யவும் |
| துணி ஈரமா இருக்கு, உள்ளே தண்ணி இல்லை | துணி ஒரு பக்கம் சேர்ந்திருக்கு | துணியைப் பிரித்துப் போட்டு மறுபடி ஸ்பின் போடவும் |

100 செ.மீ. நான் உதாரணத்துக்கு வச்சது, மாடலுக்கு மாடல் மாறும், உங்க மேனுவல்ல என்ன இருக்கோ அதையே எடுங்க.

முதல் காலத்துல ஒரே வாக்கியம் மூணு தடவை வருதே, கட்டத்தை மெர்ஜ் பண்ணிடலாமேன்னு கை பரபரக்கும். வேண்டாம். பக்கம் மாறுற இடத்துல மெர்ஜ் பண்ண கட்டம் வந்தா பிரச்சனையோட பேர் முந்தின பக்கத்துலயே தங்கிடும், அடுத்த பக்கத்துல வெறும் காரணம் மட்டும் அனாதையா நிக்கும். மெர்ஜ் பண்ணிட்டா அப்புறம் சரியா சார்ட்டும் பண்ண முடியாது.

வேர்டுக்குக் கொண்டு போன பிறகு ரெண்டு செட்டிங் மட்டும்: தலைப்பு வரிசையை செலக்ட் பண்ணி டேபிள் லேஅவுட்ல `Repeat Header Rows`, அப்புறம் எல்லா வரிசையையும் செலக்ட் பண்ணி `Table Properties` உள்ள `Row` பக்கத்துல `Allow row to break across pages` டிக்கை எடுத்துடுங்க. இல்லன்னா எச்சரிக்கை ஒரு பக்கத்துலயும் வடிகட்டியைத் திறக்குறது அடுத்த பக்கத்துலயும் போய் உக்காந்துக்கும்.

அப்டேட்: தீர்வே பத்து ஸ்டெப் இருந்தா என்ன பண்றதுன்னு ரெண்டு மூணு பேர் கேட்டிருந்தீங்க. கட்டத்துக்குள்ள திணிக்காதீங்க. எச்சரிக்கையையும் "வடிகட்டியைச் சுத்தம் செய்யவும், பக்கம் இத்தனை"ங்குறதையும் மட்டும் கட்டத்துல வச்சுட்டு, ஸ்டெப் எல்லாத்தையும் அந்தப் பக்கத்துல நம்பர் போட்டு எழுதுங்க, எச்சரிக்கை அங்கயும் முதல் வரியா மறுபடி வரணும், ஏன்னா நேரா அந்தப் பக்கத்தைத் திறக்குறவங்களும் இருப்பாங்க.