ஒரு "க்" போதும், ஆய்வுச் சுருக்கம் பொய்யாகிடும்: அளந்து எழுதுறது எப்படி

ஒரு ஆராய்ச்சிக் கட்டுரையப் படிச்சு ஆறேழு வரியில தமிழ்ல சுருக்கி எழுதணும்னா முதல் தடவை எழுதுறவங்க ரெண்டுல ஒரு பக்கம் சாய்ஞ்சிடுவாங்க. ஒண்ணு "நிரூபித்துவிட்டார்கள்"னு அடிச்சு சொல்லிடுவாங்க, இல்லன்னா பயந்துபோய் "இருக்கலாம் என்று கருதப்படுவதாகத் தோன்றுகிறது"னு எழுதி படிக்கிறவங்களுக்கு எதுவுமே கையில சிக்காம பண்ணிடுவாங்க. நடுவுல நின்னு எழுதுறதுக்கு தமிழ்லயே நல்ல கருவிங்க இருக்கு. ஒரே ஒரு ஆய்வ வச்சு அத செஞ்சு பாத்துடலாம்.

எடுத்துக்கப்போறது காபி ஆய்வு. அமெரிக்க தேசிய புற்றுநோய் நிறுவனத்து ஆய்வாளர்கள் 2012ல நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்ல போட்டது. அத நான் முதல்ல எழுதினப்போ வந்த வரி இது:

"தினமும் காபி குடித்தால் மரண ஆபத்து குறையும் என்று அமெரிக்க ஆய்வு நிரூபித்துள்ளது. காபி ஆயுளைக் கூட்டுகிறது."

படிக்க ஜோரா இருக்கு. ஆனா அந்தக் கட்டுரை இப்படி சொல்லவே இல்ல.

படி 1: எண்ணினது எது, அர்த்தம் பண்ணினது எது

பேனா எடுக்கிறதுக்கு முன்னாடி ஒரு பேப்பர நடுவுல கோடு போட்டு பிரிச்சுக்கோங்க. இடது பக்கம் அவங்க நேரடியா எண்ணினது, அளந்தது, கேட்டது மட்டும். வலது பக்கம் அதுலேந்து அவங்க என்ன நினைக்கிறாங்கன்றது.

நம்ம ஆய்வுல இடது பக்கம் இப்படி வரும். 50லேந்து 71 வயசு வரைக்கும் உள்ள 2,29,119 ஆண்கள், 1,73,141 பெண்கள், ஆக மொத்தம் 4 லட்சத்துக்கும் மேல. 1995லேந்து 2008 வரைக்கும் பின்தொடர்ந்தாங்க, அதுக்குள்ள 52,515 பேர் இறந்துட்டாங்க. வயச மட்டும் சரிபண்ணி பாத்தப்போ காபி குடிக்கிறவங்கதான் அதிகமா இறந்திருந்தாங்க! அப்புறம் பாத்தா காபி குடிக்கிறவங்கள்ல சிகரெட் பிடிக்கிறவங்களும் அதிகம், அதையும் மத்த சில காரணங்களையும் கணக்குல எடுத்து மறுபடி பாத்தப்போ படம் அப்படியே தலைகீழா மாறிடுச்சு. தினம் 2 இல்ல 3 கப் குடிக்கிறவங்ககிட்ட, காபியே குடிக்காதவங்களோட ஒப்பிட்டா, இறப்பு விகிதம் ஆண்கள்ல 10 சதவீதம், பெண்கள்ல 13 சதவீதம் குறைவு. ஒரு கப்புக்கும் கம்மியா குடிக்கிறவங்ககிட்ட சொல்லிக்கிற மாதிரி வித்தியாசம் இல்ல. புற்றுநோயால வர்ற சாவுல குறைவே தெரியல.

வலது பக்கம் என்ன இருக்கு? ஆய்வாளர்கள் எழுதின முடிவோட கடைசி வரிதான்: இது காரண உறவா இல்ல வெறும் தொடர்பு மட்டுமான்னு எங்க தரவ வச்சு தீர்மானிக்க முடியாது. அவ்வளவு பேர அத்தனை வருஷம் பின்தொடர்ந்தவங்க இத முடிவுரையிலயே வச்சிருக்காங்க, அடிக்குறிப்புல ஒளிச்சு வைக்கல.

இந்த ரெண்டு பக்கமும் பிரிஞ்சாச்சுன்னா பாதி வேல முடிஞ்ச மாதிரி. இடது பக்கத்துக்கு தயக்கமே வேணாம், "52,515 பேர் இறந்தனர்"னு நேரா எழுதுங்க. "சுமார் 50 ஆயிரம் பேர் வரை இறந்திருக்கலாம்"னு எழுதினா அது அடக்கம் இல்ல, தப்பு. அளந்து பேச வேண்டியது வலது பக்கத்துலயும், இடதுலேந்து வலதுக்கு தாண்டுற அந்த இடத்துலயும் மட்டும்தான்.

படி 2: வினைச்சொல்லப் பாருங்க, அந்த ஒரு "க்" எங்க இருக்கு

இதுதான் முக்கியம், கொஞ்சம் நிதானமா படிங்க.

குறைகிறது, குறைக்கிறது. கூடுகிறது, கூட்டுகிறது. ஸ்கூல்ல தன்வினை பிறவினைன்னு படிச்சோமே, அதேதான். "குறைகிறது"ன்னா ஒண்ணு தானா குறையுது, யார் குறைச்சான்னு சொல்லல. நடுவுல ஒரு "க்" விழுந்து "குறைக்கிறது" ஆச்சுன்னா உடனே ஒருத்தர் வந்து நிக்கிறாரு, அவர்தான் குறைக்கிறாரு. "காபி இறப்பைக் குறைக்கிறது"ன்னு எழுதின அந்த நிமிஷமே காபியை காரணம் ஆக்கிட்டீங்க. ஆய்வாளர்களே எங்களால தீர்மானிக்க முடியாதுன்னு சொன்னத நீங்க ஒரு எழுத்துல தீர்மானிச்சாச்சு.

அதனால கவனிச்சு மட்டும் பாத்த ஆய்வுக்கு, அதாவது யாரையும் "நீ காபி குடி, நீ குடிக்காத"ன்னு குலுக்கல்ல பிரிச்சு விடாத ஆய்வுக்கு, பிறவினை வேணாம். "குறைவாக இருந்தது", "குறைவாகப் பதிவானது", "குறைவாகக் காணப்பட்டது" இந்த மாதிரி எழுதுங்க. எனக்கு "பதிவானது" ரொம்ப புடிக்கும், ஏன்னா அதுல ஒரு உறுதியும் இருக்கு (பதிவுல இருக்கு, யாரும் மறுக்க முடியாது), ஒரு அடக்கமும் இருக்கு (பதிவுல இருக்கிறத மட்டும்தான் சொல்றேன்).

சில சொல்லுங்க பிறவினையா இல்லாமலே அதே வேலைய ஒளிஞ்சு செய்யும். "தடுக்கிறது", "பாதுகாக்கிறது", "உதவுகிறது", "வழிவகுக்கிறது", "நல்லது" இதெல்லாம் காரணம் சொல்ற சொல்லுங்கதான். "உதவுகிறது" கேக்க சாதுவா இருக்கும், ஆனா உதவுறதுன்னா செயல் நடந்தாச்சுன்னு அர்த்தம்.

படி 3: "-த்தால்", "-உம்" ரெண்டும் எங்க இருக்குன்னு தேடுங்க

"காபி குடித்தால் குறையும்". வினைய தன்வினையா மாத்தியாச்சு, ஆனாலும் தப்பு அப்படியேதான் இருக்கு. ஏன்னா "மழை பெய்தால் நனையும்" மாதிரி இதுவும் காரணம்-விளைவு ஆகிடுது, அதோட "குறையும்"னு சொன்னா எப்பவும் எல்லாருக்கும் நடக்கும்னு ஆகிடுது. நெருப்பு சுடும்ங்கிற மாதிரி.

ரெண்டையும் ஒரே நேரத்துல சரிபண்ணலாம். "குடித்தால்"ங்கிறத "குடித்தவர்களிடம்"னு மாத்துங்க, "குறையும்"ங்கிறத "குறைவாகப் பதிவானது"ன்னு மாத்துங்க. இப்ப வாக்கியம் ஒரு குறிப்பிட்ட கூட்டத்தப் பத்தி, முடிஞ்சுபோன ஒரு காலத்தப் பத்தி பேசுது. அவ்வளவுதான் நமக்குத் தெரியும்.

படி 4: "-லாம்" எங்க போடணும், எத்தனை போடணும்

எல்லாரும் முதல்ல தேடி ஓடுறது "லாம்"தான். நான் அந்த காபி வரிய திருத்துறேன்னு "காபி குடிப்பது ஆயுளைக் கூட்டலாம்"னு மாத்தி சித்திகிட்ட படிக்கக் குடுத்தேன். சித்தி படிச்சுட்டு "அப்ப நான் சாயங்காலம் இன்னொரு டம்ளர் குடிக்கலாங்கிறியா டி?"ன்னு கேட்டாங்க. அவங்க கேட்டதுல தப்பே இல்ல. தமிழ்ல "லாம்" வாய்ப்பையும் சொல்லும், அனுமதியும் குடுக்கும். "உள்ள வரலாம்"னா வாங்கன்னு அர்த்தம், "மழை வரலாம்"னா வந்தாலும் வரும்னு அர்த்தம். உடம்பு, சாப்பாடு, மருந்து பத்தின ஆய்வுல இந்த குழப்பம் ஆபத்தாவே போய் முடியும். "கூடும்"ங்கிறதும் அப்படித்தான், "ஆயுள் கூடும்"னு எழுதினா அதிகமாகும்னுதான் படிப்பாங்க, அதுல தயக்கம் இருக்குன்னு யாருக்கும் தோணாது.

அதனால வாய்ப்ப சொல்ற "லாம்" வேணும்னா "இருக்கலாம்"ங்கிற வினையோட மட்டும் சேருங்க, அதுலயும் காரணத்தப் பத்தி பேசுற இடத்துல மட்டும். முடிஞ்சா ஒண்ணுக்கு எதிரா இன்னொண்ணையும் பக்கத்துலயே வைங்க: "காபியில் உள்ள ஏதேனும் ஒரு பொருள் காரணமாக இருக்கலாம், காபி குடிப்பவர்களின் வேறு ஏதேனும் பழக்கமும் காரணமாக இருக்கலாம்." ஒரு பக்கம் மட்டும் "லாம்" போட்டா அது பாதி ஒத்துக்கிட்ட மாதிரி கேக்கும், ரெண்டு பக்கமும் போட்டாதான் நிஜமாவே தெரியலன்னு புரியும்.

ஒரு வாக்கியத்துக்கு ஒரு தயக்கம் போதும். "குறைக்கக்கூடியதாக இருக்கலாம் என்று தோன்றுகிறது"ல மூணு இருக்கு, மூணும் ஒரே சந்தேகத்ததான் சொல்லுது. ரெண்ட தூக்குங்க. அப்புறம் "கருதப்படுகிறது", "நம்பப்படுகிறது"ன்னு வந்தா யார் கருதுறாங்கன்னு கேளுங்க, ஆள் இருந்தா "ஆய்வாளர்கள் கருதுகிறார்கள்"னு எழுதுங்க, ஆள் இல்லன்னா அந்த வரி நீங்களா சேத்தது.

படி 5: ஆய்வோட குறைகள பொதுவா சொல்லாதீங்க

"இந்த ஆய்வுக்குச் சில வரம்புகள் உண்டு"ன்னு எழுதினா யாருக்கும் பிரயோஜனம் இல்ல. எந்த வரம்பு? இந்த ஆய்வுல எவ்வளவு காபின்னு ஆரம்பத்துல ஒரே ஒரு தடவைதான் கேட்டாங்க, அடுத்த பத்து வருஷத்துல ஒருத்தர் விட்டிருந்தாலும் கணக்குல வராது. காபி எப்படிப் போட்டதுன்னும் தரவு இல்ல. நமக்கு இது ரொம்ப முக்கியம், "காபி"ன்னு படிச்சதும் நம்ம ஆளுங்க மனசுல வர்றது டபரா டம்ளர்ல பாலும் சர்க்கரையும் கலந்தது, அந்த ஆய்வுல இருக்கிற கப்பும் அதுவும் ஒண்ணுன்னு எடுத்துக்க முடியாது. இந்த மாதிரி குறிப்பா ரெண்டு குறை சொன்னாலே போதும், கட்டுரைய முழுசா படிச்சவங்கதான் எழுதியிருக்காங்கன்னு தெரிஞ்சிடும்.

இப்ப சேத்துப் பாக்கலாம்

"அமெரிக்காவில் 50 முதல் 71 வயது வரையிலான 4 லட்சத்துக்கும் மேற்பட்டோரை 1995 முதல் 2008 வரை பின்தொடர்ந்த ஆய்வு இது, அந்தக் காலத்தில் அவர்களில் 52,515 பேர் இறந்தனர். வயதை மட்டும் கணக்கில் எடுத்தபோது காபி குடிப்பவர்களிடமே இறப்பு அதிகமாகத் தெரிந்தது. புகைப்பழக்கம் உள்ளிட்ட காரணிகளையும் சேர்த்துக் கணக்கிட்ட பிறகு, தினமும் 2 அல்லது 3 கப் குடித்தவர்களிடம், காபியே குடிக்காதவர்களைவிட இறப்பு விகிதம் ஆண்களில் 10 சதவீதமும் பெண்களில் 13 சதவீதமும் குறைவாகப் பதிவானது. புற்றுநோய் இறப்புகளில் அத்தகைய குறைவு காணப்படவில்லை. எவ்வளவு காபி என்பது தொடக்கத்தில் ஒரே ஒருமுறை மட்டும் கேட்கப்பட்டது; அது எப்படித் தயாரிக்கப்பட்டது என்ற விவரம் இல்லை. இந்த வேறுபாட்டுக்குக் காபிதான் காரணமா என்பதைத் தங்கள் தரவைக் கொண்டு தீர்மானிக்க முடியாது என்று ஆய்வாளர்களே குறிப்பிடுகிறார்கள்."

இதுல ஒரு "லாம்" கூட இல்ல, எண்ணிப் பாருங்க. ஒரு இடத்துலயும் குரல் நடுங்கல, ஆனா தெரிஞ்சதுக்கு மேல ஒரு வார்த்தை சொல்லல. ரெண்டாவது வாக்கியத்த நீளம் கருதி வெட்டிடலாம்னு தோணும், வெட்டாதீங்க. கணக்கு மாறினா முடிவு தலைகீழா மாறுதுன்னு படிக்கிறவங்களே கண்ணால பாக்குறது அங்கதான்.

கடைசியா தலைப்பு

உள்ள இவ்வளவு பாத்து எழுதிட்டு மேல "காபி ஆயுளைக் கூட்டும்!"னு போட்டா எல்லாம் போச்சு, நிறைய பேர் தலைப்ப மட்டும்தான் படிச்சுட்டு ஃபார்வர்ட் பண்றாங்க. தலைப்புல இடம் கம்மிங்கிறதால முடிவ சொல்ற பாதியில "குறைவு"ன்னு மட்டும் வச்சுட்டு வினைய எடுத்துடுங்க, அது நல்ல வழி: "காபி குடிப்போரிடம் இறப்பு விகிதம் சற்றுக் குறைவு, காரணம் காபிதானா என்பது தெரியவில்லை." இத சித்திகிட்ட காட்டினேன். "அப்ப வழக்கம்போல ரெண்டு வேளையே போதும்"னுட்டு டம்ளர எடுத்துக்கிட்டு போய்ட்டாங்க.