வியர்வை காலில் இல்லை, ஷூவுக்குள் இருந்தது

ஷூவைக் கழற்றினாலே பக்கத்தில் இருப்பவர் நகர்ந்து உட்காருவார். அந்த அளவுக்கு நாற்றம். காலை எத்தனை முறை சோப்புப் போட்டுக் கழுவியும் பலனில்லை.

ஒருநாள் காலை ஷூவின் உள் அட்டையை வெளியே எடுத்து, மேலே டிஷ்யூ காகிதத்தை வைத்து அழுத்தினேன். விரல்கள் படும் இடத்தில் ஈரம் ஊறியது. இரவு முழுக்கச் சும்மா கிடந்த ஷூ அது! வியர்வைக்குப் பெரிதாக வாடை கிடையாது. ஈரத்தில் பெருகும் பாக்டீரியா அதைச் சிதைக்கும்போதுதான் நாறுகிறது. நான் தினமும் அந்த ஈரத்துக்குள்ளேயே காலை விட்டுக்கொண்டிருந்தேன்.

அப்புறம் இரண்டு ஜோடி ஷூக்களை ஒருநாள் விட்டு ஒருநாள் போட ஆரம்பித்தேன். கழற்றியதும் உள் அட்டையை உருவித் தனியாக நிறுத்திவைப்பேன். இந்த உருவும் வேலைதான் முக்கியம். உள்ளேயே விட்டால் அடிப்பக்கம் காயாது. பழைய ஃபோம் அட்டையில் வாடை ஏறிவிட்டது, துவைத்தும் போகவில்லை. தூக்கிப் போட்டுவிட்டு, கழற்றித் துவைக்கக்கூடிய துணி அட்டை வாங்கினேன்.

சாக்ஸில்தான் ஏமாந்தேன். பருத்தி நல்லதென்று நம்பியிருந்தேன். அது வியர்வையை உறிஞ்சி அப்படியே பிடித்துக்கொள்கிறது. பாலியஸ்டர் சீக்கிரம் காய்கிறது, ஆனால் வாடை ஒட்டிக்கொள்கிறது. மெரினோ கம்பளி கலந்த மெல்லிய சாக்ஸ்தான் எனக்குச் சரிப்பட்டது. அதையும் மதியம் ஒருமுறை மாற்றுகிறேன்.

மூன்றாவது வாரம் டிஷ்யூ காய்ந்தே வந்தது. விரலிடுக்கில் அரிப்போ தோல் உரிதலோ இருந்தால் அது பூஞ்சையாக இருக்கலாம். அதற்கு மருத்துவரைத்தான் பார்க்க வேண்டும்.